கண்டதும் கருதியதும்: வேலையிடக் காயத்தை முதன்முதலாக எழுதுபவர்கள் கேட்கும் கேள்விகள்

வேலையிடத்தில் ஒருவருக்கு அடிபட்டு, நடந்ததை எழுதித்தரும் பொறுப்பு முதல்முறையாக உங்களிடம் வந்திருக்கிறதா? படிவத்தை எப்படி நிரப்புவது, யாருக்கு அனுப்புவது என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும், அதற்குள் நான் போகவில்லை. பார்த்ததும், பிறர் சொல்லக் கேட்டதும், நாமாக நினைத்துக்கொண்டதும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிடும் சிக்கலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உதாரணத்துக்கு வேறெங்கும் போகத் தேவையில்லை. ஷிப்ட் சூப்பர்வைசராக நான் எழுதிய முதல் அறிக்கையே போதும். அதில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது:

"காலை 10:50 மணிக்கு, தரையில் தண்ணீர் இருந்ததாலும் ஏணியின் கால் ரப்பர் இல்லாததாலும், கவனக்குறைவாக ஏறிய தொழிலாளி வழுக்கி விழுந்ததில் அவரது வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது."

எழுதி முடித்தபோது தெளிவாகத்தான் இருப்பதாக நினைத்தேன். இந்த வாக்கியத்தில் நான் நேரில் பார்த்தவை எவ்வளவு என்பது கீழே வரும் பதில்களில் தெரியும்.

நான் எதையும் நேரில் பார்க்கவில்லை. சத்தம் கேட்டுத்தான் ஓடினேன். என்னத்தை எழுத முடியும்?

நிறைய எழுத முடியும். விழுந்ததைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நீங்கள் சாட்சி. சத்தம் கேட்டபோது எங்கே நின்றீர்கள், எந்தப் பக்கமிருந்து கேட்டது, போய்ச் சேர்ந்ததும் முதலில் கண்ணில் பட்டது என்ன, அவர் எப்படி இருந்தார், பக்கத்தில் யார் இருந்தார்கள், என்னென்ன பொருள் எந்த நிலையில் கிடந்தது என்று அந்த வரிசையிலேயே எழுதுங்கள்.

என் விஷயத்தில் நான் பேக்கிங் மேஜை அருகே நின்றிருந்தேன். கிடங்கில் அவர் அடிபட்ட மூலைக்கும் எனக்கும் நடுவே சுமார் 12 மீட்டர் தூரம், இரண்டு வரிசை உயரமான அடுக்குகள். அங்கிருந்து அந்த இடம் தெரியாது. கனமான ஏதோ விழுந்த சத்தமும் உடனே ஓர் அலறலும் கேட்டன. போனபோது அவர் தரையில் உட்கார்ந்து அடுக்கில் முதுகைச் சாய்த்திருந்தார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தார். மடக்கு ஏணி ஒருக்களித்துக் கிடந்தது. அதன் நான்கு கால்களில் ஒன்றில் ரப்பர் இல்லை. ஏணியின் அடிப்பக்கத்தில் இரண்டு சாண் அகலத்துக்குத் தண்ணீர். கூட வேலை பார்ப்பவர் ஒருவர் எனக்கு முன்பே வந்து பக்கத்தில் குந்தியிருந்தார்.

நான் கண்டது இவ்வளவுதான். வழுக்கியதை நான் பார்க்கவில்லை. ஏணியிலிருந்து விழுந்ததைக்கூடப் பார்க்கவில்லை. ஏணி கிடந்தது, மனிதர் உட்கார்ந்திருந்தார். நடுவில் என்ன நடந்தது என்பதை என் மனம்தான் இட்டு நிரப்பியது. அதைச் செய்ய அதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதனால்தான் நானே பார்த்தது போலத் தோன்றியது.

"நான் நேரில் பார்க்கவில்லை" என்ற வரியைச் சேர்க்கப் பலரும் கூச்சப்படுகிறார்கள், அறிக்கையின் மதிப்பு குறைந்துவிடும் என்ற பயம். எனக்கோ அந்த ஒரு வரி இருந்தால்தான் மற்ற வரிகள் மீது நம்பிக்கை வருகிறது.

எழுதும்போது எல்லாமே பார்த்தது போலத்தான் தோன்றுகிறது. எது ஊகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எழுதியதைச் சொல் சொல்லாகப் படித்து, ஒவ்வொன்றின் முன்னும் "இது எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். கண், காது, மூக்கு, கை இவற்றில் ஒன்று பதிலாக வந்தால் அது நீங்கள் கண்டது. ஒரு மனிதர் பதிலாக வந்தால் அது கேட்டது. "வேறெப்படி நடந்திருக்கும்?" என்ற எதிர்க்கேள்விதான் பதிலாக வருகிறது என்றால் அது ஊகம்.

இதில் தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு வழுக்குமரம் இருக்கிறது. நம் மொழியில் காரணத்தைத் தனி வாக்கியமாகச் சொல்லத் தேவையில்லை. ஒரு வினையெச்சத்துக்குள் அது ஒளிந்துகொள்ளும். "விழுந்தார்" என்று எழுத நினைத்த கை "வழுக்கி விழுந்தார்", "தவறி விழுந்தார்", "தடுக்கி விழுந்தார்" என்று எழுதிவிடுகிறது. வெறும் "விழுந்தார்" காதுக்கு மொட்டையாகக் கேட்பதால், பழக்கத்தில் முன்னால் ஒரு சொல் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் வழுக்கி என்றால் தரை, தடுக்கி என்றால் வழியில் கிடந்த பொருள், தவறி என்றால் அந்த மனிதர். அந்த ஒரு சொல்லிலேயே விசாரணையின் முடிவு எழுதப்பட்டுவிடுகிறது.

"இருந்ததால்", "இல்லாததால்", "விழுந்ததில்" என்று வரும் சொற்களும் இப்படித்தான். ரப்பர் இல்லை என்பது நான் கண்டது. "ரப்பர் இல்லாததால்" என்பதில் உள்ள "ஆல்" நான் காணாதது. முதல் வரைவை எழுதி முடித்ததும் பென்சிலை எடுத்து, இப்படி முடியும் ஒவ்வொரு சொல்லையும், "விழுந்தார்" என்பதற்கு முன்னால் நிற்கும் ஒவ்வொரு எச்சத்தையும் வட்டமிடச் சொல்வேன். வட்டமிட்ட இடத்தில் வாக்கியத்தை வெட்டி இரண்டாக்குங்கள். "தரையில் தண்ணீர் இருந்தது. ஏணியின் ஒரு காலில் ரப்பர் இல்லை." இரண்டுக்கும் விபத்துக்கும் தொடர்பு உண்டா என்பதை இந்த வாக்கியங்கள் சொல்லவில்லை. உங்களுக்கும் அது தெரியாது, ஆகவே அவை சரியாகவே இருக்கின்றன.

பொருள்களைப் பற்றி எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். "ஏணி சாய்ந்து விழுந்தது" என்பது ஒரு நிகழ்வு, அதை யாராவது பார்த்திருக்க வேண்டும். "ஏணி ஒருக்களித்துக் கிடந்தது" என்பது நீங்கள் போனபோது இருந்த நிலை. கிடந்தது, இருந்தது, நின்றது, தெரிந்தது, கேட்டது போன்ற சொற்கள் உங்களைக் கண்ட இடத்திலேயே நிறுத்தும்.

"கையுறை போட்டிருக்கவில்லை", "எச்சரிக்கைப் பலகை இல்லை" என்பதெல்லாம் பார்த்ததுதானே?

பாதிதான். நீங்கள் போனபோது கையில் கையுறை இல்லை என்பது கண்டது. அடிபட்ட நேரத்தில் போட்டிருக்கவில்லை என்பது ஊகம். வலி தாங்காமல் அவரே கழற்றியிருக்கலாம், காயத்தைப் பார்க்க வேறொருவர் கழற்றியிருக்கலாம். "நான் வந்தபோது அவர் கைகளில் கையுறை இல்லை. சுற்றிலும் தரையில் கையுறை எதையும் நான் காணவில்லை" என்று எழுதினால், எங்கே தேடினீர்கள் என்பதும் அதிலேயே வந்துவிடும்.

"இல்லை" என்பதற்கும் "நான் காணவில்லை" என்பதற்கும் தூரம் அதிகம். "இல்லை" என்று எழுத வேண்டுமென்றால் அந்த இடம் முழுவதையும் பார்த்திருக்க வேண்டும். ஓடிப்போய் அடிபட்டவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் சுவரில் என்ன மாட்டியிருந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

தண்ணீர் கிடந்தது, ஏணி கிடந்தது. வழுக்கியிருப்பார் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியுமே?

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. மறுநாள் கூட வேலை பார்த்தவரைத் தனியாக உட்காரவைத்து, "சத்தம் கேட்டதிலிருந்து நான் வரும்வரை நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள்" என்றேன். அவர் அடுத்த வரிசையிலிருந்து வந்ததையும், அடிபட்டவருக்கு மயக்கம் வருவது போலிருந்ததால் தன் பாட்டிலைத் திறந்து நீட்டியதையும், அவர் ஒரு கையால் வாங்கும்போது பாட்டில் நழுவிக் கொட்டியதையும் சொன்னார். அவர் சொன்னபடி பார்த்தால் அந்தத் தண்ணீர் விபத்துக்குப் பிறகு வந்தது. விழுவதற்கு முன் தரை காய்ந்திருந்தது என்றும் சொன்னார். காலையிலிருந்து அந்த வரிசையில் நடந்துகொண்டிருந்தவர் அவர்.

ஒரு பொருள் அங்கே இருந்தது என்பது ஒன்று, அது எப்போதிலிருந்து இருந்தது என்பது வேறொன்று. விபத்து நடந்த இடத்தில் நாம் பார்ப்பது, நடந்தபின் சில நிமிடம் பலர் கைபட்ட இடத்தை. தண்ணீர் கொடுப்பார்கள், தூக்கி உட்காரவைப்பார்கள், வழியில் கிடப்பதைத் தள்ளிவைப்பார்கள், மெஷினை நிறுத்துவார்கள். அதெல்லாம் செய்ய வேண்டியவைதான். அதனால் "நான் வருமுன் யார் எதைத் தொட்டார்கள், எதை நகர்த்தினார்கள்?" என்ற கேள்வி எல்லோரிடமும் கேட்கப்பட வேண்டும். நீங்களே எதையாவது நகர்த்தியிருந்தால் அதையும் எழுதுங்கள்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று என் அறிக்கையில் இருந்தது. ஏணியிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி இரண்டு அட்டைப்பெட்டிகள் கிடந்தன. அவற்றைப் பார்த்தேன், ஆனால் அறிக்கையில் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. தண்ணீரில் வழுக்கிய கதைக்கு அந்தப் பெட்டிகள் தேவைப்படவில்லை, அதனால் அவை என் கண்ணுக்கு வெறும் குப்பையாகத் தெரிந்தன. ஊகம் ஒரு பொய்யைச் சேர்ப்பதோடு நிற்பதில்லை, தனக்கு ஒத்துவராத உண்மையையும் ஓசையில்லாமல் வெளியே தள்ளிவிடுகிறது. அந்தப் பெட்டிகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அடிபட்டவரே சொன்னால் அதை உண்மை என்று எழுதிவிடலாமா?

அவர் சொன்னார் என்பது உண்மை, அதை அப்படியே எழுதுங்கள். யார், எப்போது, எங்கே, யாரிடம் சொன்னார் என்பதோடு, முடிந்தவரை அவர் வாய்ச்சொல்லிலேயே. பேச்சுத்தமிழை எழுத்துத்தமிழாக்கி அழகுபடுத்த வேண்டாம். மாற்றும்போது பொருள் நகர்ந்துவிடும். எங்கள் தொழிலாளி மறுநாள் சொன்னது இது: "மேல இருந்த பெட்டிய இழுத்தேன் சார். ரெண்டும் சேந்தாப்புல வந்துருச்சு. பாரம் ஒரு பக்கமா இழுத்துச்சு." இதையே "பெட்டியை எடுக்கும்போது நிலைதடுமாறினார்" என்று நான் சுருக்கியிருந்தால் "ரெண்டும் சேந்தாப்புல" என்பது காணாமல் போயிருக்கும். விஷயமே அதில்தான் இருந்தது.

"விழுந்தாராம்", "வழுக்கிச்சாம்" என்று "ஆம்" போட்டு எழுதுவது பேச்சில் நமக்கு இயல்பு. பிறர் வாய்வழி வந்தது என்று அது ஒரே அசையில் காட்டிவிடும். ஆனால் அறிக்கையில் அது வேண்டாம். யார் சொன்னார் என்பதை அது மறைத்துவிடுகிறது, எழுத்தில் படிக்கும்போது "எனக்கு நம்பிக்கையில்லை" என்ற தொனியும் வந்துவிடுகிறது. "என்று சொன்னார்" போதும். "என்று ஒப்புக்கொண்டார்", "என்று மழுப்பினார்", "என்று சமாளித்தார்" என்பவை உங்கள் தீர்ப்பு, அவர் பேச்சு அல்ல.

கேட்கும் விதமும் முக்கியம். அன்று முதலுதவி அறையில் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி "தண்ணியில வழுக்கிடுச்சா?" என்பது. வலியில் இருந்தவர் "ஆமா சார்" என்று தலையாட்டினார். நான் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டேன். என் ஊகத்தை நானே அவர் வாயில் போட்டு, நானே திரும்ப வாங்கிக்கொண்டேன். "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்க வேண்டும். பார்த்தவர்கள் பலர் இருந்தால் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேளுங்கள். கூட்டமாக நிற்கவைத்துக் கேட்டால் முதலில் பேசுபவரின் கதையே எல்லோருக்கும் நினைவாகிவிடும். இருவர் சொல்வது முரண்பட்டால் சமரசம் செய்யாமல் இரண்டையும் எழுதுங்கள்.

"கவனக்குறைவு" என்று எழுதலாமா? பழைய அறிக்கைகள் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கிறது.

எழுத வேண்டாம். கவனம் என்பது ஒருவர் மனதுக்குள் இருப்பது, அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அவசரம், அலட்சியம், அனுபவமின்மை எல்லாம் இதே வகை.

நான் எழுதியதைப் படித்துவிட்டு அந்தத் தொழிலாளி என்னிடம் வந்து, கட்டுப்போட்ட கையோடு நின்று, "என்ன கவனக்குறைவப் பாத்தீங்க சார்?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. பதில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஒரு மனிதரின் பெயருக்குப் பக்கத்தில் கோப்பில் காலத்துக்கும் கிடக்கப்போகும் ஒரு சொல்லை, அடுக்குகளுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு எழுதியிருந்தேன்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் உண்மையிலேயே நீங்கள் பார்த்த ஒரு செயல் இருந்தால் அந்தச் செயலை எழுதுங்கள். "அலட்சியமாக ஏறினார்" என்பதற்குப் பதில் "ஏறும்போது ஒரு கையில் கைபேசி இருந்ததைப் பார்த்தேன்." "அவசரப்பட்டார்" என்பதற்குப் பதில் "ஒரே தடவையில் இரண்டிரண்டு படியாக ஏறினார்." செயலாக எழுத வரவில்லை என்றால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்று பொருள்.

காயத்தை எப்படி எழுதுவது?

எந்த உறுப்பு, எந்தப் பக்கம், வெளியே என்ன தெரிந்தது, அவர் என்ன சொன்னார், என்ன முதலுதவி செய்தீர்கள். அதோடு நிறுத்துங்கள். நோயின் பெயர் மருத்துவருடையது. மணிக்கட்டு வீங்கியிருந்ததையும் அவரால் விரல்களை மடக்க முடியவில்லை என்பதையும் பார்த்து நான் "எலும்பு முறிந்தது" என்று எழுதினேன். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. மூட்டுப் பிசகு என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார். இனி அந்தத் தகவலைச் சேர்ப்பதென்றால் "மருத்துவர் இப்படி எழுதிக்கொடுத்துள்ளார்" என்று அவர் பெயரில்தான் சேர்ப்பேன்.

வலது இடது குழப்பம் சாதாரணமாக நடப்பது. எதிரே நின்று பார்க்கும்போது அடிபட்டவரின் வலது கை நம் இடப்பக்கம் தெரியும். எழுதுமுன் அவரையே கேட்டு உறுதிசெய்யுங்கள்.

நேரமும் தூரமும் சரியாகத் தெரியாவிட்டால்?

குத்துமதிப்பு என்றால் குத்துமதிப்பு என்று சொல்லி, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள். நான் 10:50 என்று எழுதியது கிடங்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து. பிறகு கைபேசியோடு ஒப்பிட்டால் அந்தக் கடிகாரம் 7 நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. "சுவர்க் கடிகாரத்தில் 10:50" என்று எழுதியிருந்தால் யார் வேண்டுமானாலும் பின்னால் திருத்திக்கொள்ளலாம். வெறும் 10:50 என்றால் முடியாது. சிசிடிவி பதிவோடு ஒப்பிடும்போது இந்த 7 நிமிடம் பெரிய விஷயமாகிவிடும்.

தூரத்தை முடிந்தால் டேப் வைத்து அளந்துவிடுங்கள். முடியாவிட்டால் "என் நடையில் இத்தனை எட்டு" என்பதே "கொஞ்ச தூரம்" என்பதைவிட எவ்வளவோ மேல்.

போட்டோ எடுத்தால் போதாதா?

அடிபட்டவரைக் கவனித்து, ஆபத்தும் நீங்கியபின் எடுங்கள். எட்ட நின்று இடம் முழுவதும் தெரிய ஒன்று, பக்கத்தில் போய்ச் சில. எடுத்த நேரத்தை அறிக்கையில் எழுதுங்கள். எடுப்பதற்கு முன் என்ன நகர்த்தப்பட்டது என்பதையும் எழுதுங்கள்.

என் அறிக்கையைக் காப்பாற்றியது போட்டோதான். எதற்கென்று தெரியாமல் எட்ட நின்று எடுத்த ஒரு படத்தில் அந்த இரண்டு அட்டைப்பெட்டிகளும் பதிவாகியிருந்தன. பெரிதாக்கிப் பார்த்தபோது இரண்டையும் சேர்த்து ஒரே பிளாஸ்டிக் உறை சுற்றியிருந்தது தெரிந்தது. உறை நிறமற்றது. கீழிருந்தோ ஏணியிலிருந்தோ பார்த்தால் தனித்தனிப் பெட்டிகளாகவே தெரியும். தொழிலாளி சொன்ன "ரெண்டும் சேந்தாப்புல" என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடுக்கின் மேல்தட்டில் அதேபோல் இணைந்த பெட்டிகள் இன்னும் இருந்தன. என் முதல் அறிக்கையை நம்பியிருந்தால் தரையைத் துடைத்து, ஏணியை மாற்றி, அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்துவிட்டு, அந்தப் பெட்டிகளை அப்படியே விட்டிருப்போம்.

படமும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. கால் ரப்பர் இல்லாதது படத்தில் பளிச்சென்று தெரிகிறது. அது எப்போது கழன்றது, விழுந்ததில் அதற்குப் பங்கு உண்டா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவரவில்லை. ஏணியை மாற்றினோம். அறிக்கையில் "தெரியவில்லை" என்றே இருக்கிறது.

படிவத்தில் "விபத்துக்கான காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. காலியாக விடலாமா?

காலியாக விட்டால் திருப்பி அனுப்புவார்கள், இல்லையென்றால் வேறொருவர் தன் ஊகத்தால் நிரப்புவார். "இதுவரை தெரியவில்லை. விசாரணை தேவை" என்று எழுதுங்கள். அன்றே எழுதும் முதல் அறிக்கைக்கு அது முழுமையான பதில். காரணம் கண்டுபிடிப்பது அடுத்த கட்ட வேலை. அதற்கு வேண்டிய பொருளைக் கெடாமல் கொடுப்பதுதான் உங்கள் வேலை.

ஆனால் என் ஊகம் சரியாக இருக்கலாமே. எழுதாமல் விட்டால் அந்தத் தகவல் போய்விடாதா?

போய்விடும், அதனால் எழுதத்தான் வேண்டும். பல வருடம் ஒரு மெஷினோடு பழகியவரின் ஊகத்துக்கு விலை அதிகம். கண்டதோடு கலக்காமல் கடைசியில், "என் கருத்து" என்ற தனித் தலைப்பில் எழுதுங்கள். எதை வைத்து அப்படி நினைக்கிறீர்கள், அதைச் சரிபார்க்க எதைப் பார்க்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்து எழுதினால் அது விசாரிப்பவருக்கு வேலை செய்யும்.

நான் அப்படி எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்: "ஏணியருகே தண்ணீரைக் கண்டதால், வழுக்கியிருக்கலாம் என்று நினைக்கிறேன். தண்ணீர் எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்று விசாரிக்க வேண்டும்." இதிலும் என் ஊகம் தவறுதான். ஆனால் அதைப் படித்தவர் தண்ணீர் வந்த வழியைத் தேடியிருப்பார், தவறு தானாக வெளிப்பட்டிருக்கும்.

முழு அறிக்கை எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி காட்ட முடியுமா?

அன்றே நான் எழுதியிருக்க வேண்டியது இது. மறுநாள் தெரியவந்தவை எதையும் இதில் சேர்க்கவில்லை.

> நான் கண்டதும் கேட்டதும்: நான் பேக்கிங் மேஜை அருகே நின்றிருந்தேன். சம்பவ இடம் அங்கிருந்து சுமார் 12 மீட்டர் (என் கணிப்பு). நடுவே அடுக்குகள் இருந்ததால் அந்த இடம் தெரியவில்லை. விழுந்ததை நான் பார்க்கவில்லை. கனமான பொருள் விழுந்த சத்தமும் ஓர் அலறலும் கேட்டு அங்கே சென்றேன். அப்போது சுவர்க் கடிகாரத்தில் 10:50. தொழிலாளி தரையில் உட்கார்ந்து, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தார். மடக்கு ஏணி ஒருக்களித்துக் கிடந்தது. ஒரு காலில் ரப்பர் இல்லை. ஏணியின் அடிப்பக்கம் இரண்டு சாண் அகலத்துக்குத் தண்ணீர் இருந்தது. ஏணியிலிருந்து சுமார் ஒரு மீட்டர் தள்ளி இரண்டு அட்டைப்பெட்டிகள் கிடந்தன. எனக்கு முன்பே சக தொழிலாளி ஒருவர் அங்கே இருந்தார்.
>
> காயம்: வலது மணிக்கட்டில் வீக்கம். விரல்களை மடக்கச் சொன்னபோது முடியவில்லை என்றார். ரத்தம் எதையும் நான் காணவில்லை. கையை அசையாமல் தாங்கலாகக் கட்டி மருத்துவமனைக்கு அனுப்பினோம்.
>
> பிறர் சொன்னது: முதலுதவி அறையில் "தண்ணியில வழுக்கிடுச்சா?" என்று நான் கேட்டதற்குத் தொழிலாளி "ஆமா சார்" என்றார். விரிவாக இன்னும் கேட்கவில்லை. சக தொழிலாளியிடமும் இன்னும் கேட்கவில்லை.
>
> காரணம்: இதுவரை தெரியவில்லை.
>
> என் கருத்து: வழுக்கியிருக்கலாம் என்று நினைக்கிறேன். தண்ணீர் எப்போது, எப்படி வந்தது என்று விசாரிக்க வேண்டும்.

அவர் பதிலோடு என் கேள்வியையும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். கேள்வியே பதிலைச் சொல்லிக்கொடுத்துவிட்டது என்று படிப்பவர் ஒரு பார்வையில் கண்டுகொள்வார்.

மேலதிகாரி ஒரு வரியை மாற்றச் சொல்கிறார். என்ன செய்வது?

எழுத்துப்பிழையோ விடுபட்ட தகவலோ என்றால் மாற்றுங்கள். நீங்கள் கண்டதையே மாற்றச் சொன்னால், அவருக்குத் தெரிந்ததை அவர் பெயரில், அவர் கையெழுத்தோடு தனியே சேர்க்கும்படி பணிவாகச் சொல்லுங்கள். உங்கள் கையெழுத்துக்கு மேல் இருக்கும் வரிகளில் உங்கள் கண்ணும் காதும் மட்டுமே இருக்க வேண்டும்.

ஊகத்தை உண்மை போல எழுதி ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

பழையதைக் கிழிக்காதீர்கள், அழிக்காதீர்கள், அதன்மேல் எழுதாதீர்கள். முதலில் என்ன எழுதப்பட்டது என்பதும் ஒரு தகவல்தான். புதிதாக ஓர் இணைப்பு எழுதி, அன்றைய தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடுங்கள். எந்த வரி ஊகம், ஏன் அப்படி எழுதினீர்கள், இப்போது என்ன தெரியும், யார் மூலம் தெரியும் என்று சொல்லுங்கள். படிவம் இன்னும் உங்கள் கையிலேயே இருந்தால், படிக்கும்படி ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போடலாம்.

நான் மூன்றாம் நாள் எழுதிய இணைப்பு இப்படி இருந்தது:

> "என் முதல் அறிக்கையில் 'வழுக்கி விழுந்ததில்', 'கவனக்குறைவாக', 'எலும்பு முறிந்தது' என்று எழுதியவை நான் பார்த்தவை அல்ல. தண்ணீரையும் கால் ரப்பர் இல்லாததையும் கண்டேன். ஆனால் அவற்றைக் காரணமாக எழுதியது என் ஊகம். தண்ணீர் விபத்துக்குப் பிறகு கொட்டியது என்று சக தொழிலாளி என்னிடம் சொன்னார். ஏணிக்கு அருகே கிடந்த இரண்டு அட்டைப்பெட்டிகளை நான் அன்றே பார்த்தும் எழுதாமல் விட்டேன். அவை ஒரே உறையில் இணைந்திருப்பது படத்தில் தெரிகிறது. முறிவு இல்லை என்று மருத்துவர் எழுதிக்கொடுத்துள்ளார். நேரம் சுவர்க் கடிகாரப்படி எழுதியது. அந்தக் கடிகாரம் 7 நிமிடம் முன்னால் ஓடுகிறது. 'கவனக்குறைவாக' என்ற சொல்லுக்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அதைத் திரும்பப் பெறுகிறேன்."

அதன் ஒரு நகலை அந்தத் தொழிலாளியிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நின்றபடியே முழுவதும் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் திரும்ப ஒருமுறை படித்துவிட்டு, இடது கையாலேயே நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.